வாழைப்பழம், இளநீர், உருளைக்கிழங்கு, பயறு: பொட்டாசியத்தை உங்கள் தட்டில் வைத்து ஒப்பிடுவது எப்படி

"வாழைப்பழத்தை நிறுத்திட்டேன் அம்மிணி, அதுலதான் பொட்டாசியம் சாஸ்தியாம்." என் மாமனார் இதைச் சொன்னபோது அவர் கையில் தோப்பிலிருந்து அப்போதுதான் வெட்டி வந்த இளநீர் இருந்தது. சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, பொட்டாசியத்தைக் குறையுங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்த வாரம் அது. பொள்ளாச்சிப் பக்கம் வீடுகளில் இளநீரை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. அது தண்ணீர்தானே என்பார்கள்.

அன்றைக்குத் தராசை எடுத்து வைத்து அளக்க ஆரம்பித்தேன். பிறகு எங்கள் மகளிர் குழுவில் நான்கைந்து பேருக்கு இதையே சொல்லிக்கொடுத்தேன். எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுந்தார்கள். அந்த இடங்களை மனதில் வைத்துத்தான் கீழே உள்ள வரிசையைப் போட்டிருக்கிறேன். வரிசை மாறினால் கணக்கும் மாறிவிடும், அதனால் முதலிலிருந்தே வாருங்கள்.

1. கூட்டவா, குறைக்கவா என்று முதலில் எழுதுங்கள்

ஒரு நோட்டின் முதல் வரியில் இதை எழுதிவிடுங்கள். நல்ல உடம்புக்காரருக்குப் பொட்டாசியம் போதவில்லை என்பதுதான் பெரும்பாலும் சிக்கல். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 3,510 மில்லிகிராம் என்கிறது. சோறும் குழம்பும் மட்டும் சாப்பிட்டு அந்த அளவைத் தொடுவது எளிதல்ல.

சிறுநீரகம் பழுதானவருக்கு இது தலைகீழ். மிச்சப் பொட்டாசியத்தைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ள முடியாததால் அது இரத்தத்தில் தங்குகிறது. அளவுக்கு மீறினால் இதயத் துடிப்பையே குலைத்துவிடும். இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரும் சில மாத்திரைகள்கூட பொட்டாசியத்தை உடம்பில் பிடித்து வைப்பவைதான்.

இதை ஏன் முதலில் எழுதச் சொல்கிறேன் என்றால், இனி வரும் எல்லா இடத்திலும் தோராயம் போட வேண்டியிருக்கும். கூட்ட வேண்டியவர் குறைந்த எண்ணைப் போட்டுக்கொள்ளலாம். குறைக்க வேண்டியவர் எப்போதும் அதிக எண்ணைத்தான் போட வேண்டும். யாருக்காகக் கணக்கு என்று தெரியாமல் போட்ட தோராயம் யாருக்கும் ஆகாது.

2. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு கிராம் சுத்தமாகக் காட்டும் சமையல் தராசு ஒன்று. மில்லிலிட்டர் கோடு போட்ட அளவுக் குவளை ஒன்று. நோட்டு, பேனா. சமைக்கும் பாத்திரங்களை வெறும் பாத்திரமாக நிறுத்து அடியில் எடையை எழுதி ஒட்டிவிடுங்கள். குழம்பு கொதித்த பிறகு சட்டியின் எடை தெரியாமல் திண்டாடாமல் இருக்க அதுதான் வழி.

அப்புறம் ஓர் உணவு அட்டவணை வேண்டும். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட இந்திய உணவு அட்டவணை இருக்கிறது. இணையத்தில் அமெரிக்க வேளாண் துறையின் FoodData Central இருக்கிறது. நம் ஊர்ப் பயறும் பழமும் முதலாவதில் நன்றாகக் கிடைக்கும். வெந்தது, வறுத்தது என்று சமைத்த வடிவங்களுக்கு இரண்டாவது கைகொடுக்கும். நான் இங்கே சொல்லும் எண்கள் இரண்டாவதை ஒட்டியவை.

எதை எடுத்தாலும் நான்கு பொருளுக்கும் ஒரே அட்டவணையைப் பயன்படுத்துங்கள். வாழைப்பழத்துக்கு ஒன்று, உருளைக்கு வாட்ஸாப்பில் வந்த இன்னொன்று என்று எடுத்தால், வித்தியாசம் பொருளில் இருக்கிறதா, அளந்த முறையில் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கவே முடியாது.

உணவுப் பாக்கெட்டின் பின்பக்கத்தை நம்பி உட்காராதீர்கள். பொட்டாசியம் அச்சிடாத பாக்கெட்டுகளே அதிகம். அச்சிடவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. குழுவில் ஒருவர் சிப்ஸ் பாக்கெட்டைப் பார்த்து நோட்டில் பூஜ்யம் எழுதி வைத்திருந்தார். உருளைக்கிழங்கைச் சீவி எண்ணெயில் போட்டால் வெளியேறுவது தண்ணீர்தான், பொட்டாசியம் உள்ளேயே இருக்கும். அதனால் நூறு கிராம் சிப்ஸில் ஆயிரம் மில்லிகிராமுக்கு மேல் வரும்.

3. எந்தப் பழம், எந்தப் பயறு என்று பெயரை உறுதி செய்யுங்கள்

அதிகம் பேர் சறுக்கும் இடம் இதுதான். எடைக்கு முன்னால் பெயரைப் பாருங்கள்.

வாழைப்பழம் என்றால் நம் பக்கம் கதலி, பூவன், ரோபஸ்டா, செவ்வாழை, நேந்திரம் என்று எத்தனையோ. அட்டவணையில் வெறுமனே வாழைப்பழம் என்று இருப்பது பொதுவான இனிப்புப் பழம். அதற்கு நூறு கிராம் சதையில் 358 மில்லிகிராம். நேந்திரம் அந்தக் கூட்டத்தில் சேராது. அது மாவு அதிகமான சமையல் வாழை வகை, அந்த வகைக்கு 480-ஐ ஒட்டி வரும். கதலிக்கும் நேந்திரத்துக்கும் ஒரே எண்ணைப் போட்டால் நேந்திரக்காரர் கால்வாசிக்கு மேல் குறைத்துக் காட்டுகிறார் என்று அர்த்தம்.

பீன்ஸ் இன்னும் மோசம். நம் வீட்டில் பீன்ஸ் என்றால் பொரியலுக்கு நறுக்கும் பச்சைக் காய். ஆங்கிலத்தில் எழுதிய பட்டியலில் "பீன்ஸ் 1,400" என்று இருந்தால் அது ராஜ்மா மாதிரியான காய்ந்த விதை. பச்சைக் காய்க்கு நூறு கிராமில் 211 மட்டுமே. காய்ந்த ராஜ்மாவுக்கு 1,406. ஏழு மடங்குக்குப் பக்கம் வித்தியாசம். ஒருவர் உழவர் சந்தையில் வாங்கிய பீன்ஸ் காயைச் சுத்தமாக ஒதுக்கிவிட்டு, வீட்டில் தட்டைப்பயறுக் குழம்பை மூன்று கரண்டி ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பெயர் செய்த வேலை.

அதனால் நோட்டில் பீன்ஸ் என்று எழுதவே எழுதாதீர்கள். பீன்ஸ் காய், தட்டைப்பயறு, மொச்சை, ராஜ்மா என்று தனித்தனியாக எழுதுங்கள். காய்ந்த தட்டைப்பயறுக்கு 1,112.

கடைசியாக, பச்சையா வெந்ததா என்ற ஒரு சொல்லையும் பக்கத்தில் எழுதுங்கள். காய்ந்த ராஜ்மா 1,406 என்றால் வெந்த ராஜ்மா 405. வெந்ததில் பாதிக்கு மேல் தண்ணீர் என்பதால் எண் சுருங்கித் தெரிகிறது. வெந்த உருளையையும் காய்ந்த பயறையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது, சோற்றையும் அரிசியையும் ஒரே படியால் அளப்பது போல.

4. வாயில் போகும் பகுதியை மட்டும் நிறுங்கள்

வாழைப்பழத்தைத் தோலோடு நிறுத்து, உரித்துத் தின்றுவிட்டு, தோலை நிறுத்துக் கழியுங்கள். தடித்த தோல் பழத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தோலாகவே போய்விடும். கதலிக்குத் தோல் மெலிது, கொஞ்சமாகத்தான் போகும். பழத்துக்குப் பழம் மாறுவதால் இரண்டு மூன்று தடவை நிறுத்தால் போதும், கை பழகிவிடும்.

இளநீரைக் காயாக எண்ணக் கூடாது. ஒரு காயில் கால் லிட்டரும் இருக்கும், அரை லிட்டரும் இருக்கும். குவளையில் ஊற்றிப் பாருங்கள். தோப்பு வீட்டுக்காரர்கள் குடிக்கும் காயும், சாலையோரத்தில் வாங்கும் காயும் ஒன்றல்ல. வழுக்கையைத் தின்றால் அதைத் தனியாக எழுதுங்கள்.

உருளையைத் தோல் சீவிய பிறகு நிறுங்கள். பயறைக் காய்ந்தபடியே, ஊறப்போடுவதற்கு முன் நிறுங்கள். ஊறின பயறின் எடை எத்தனை மணி நேரம் ஊறியது என்பதைப் பொறுத்தது, அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

5. பெருக்கல்

இது சின்ன வேலை. அட்டவணை எண்ணை நூறால் வகுத்தால் ஒரு கிராமுக்கு எவ்வளவு என்று வரும். அதை உங்கள் எடையால் பெருக்குங்கள். 44 கிராம் கதலிச் சதை என்றால் 3.58 × 44, ஏறக்குறைய 158 மில்லிகிராம். 130 கிராம் நேந்திரச் சதை என்றால் 4.8 × 130, அதாவது 624. இரண்டுமே "ஒரு வாழைப்பழம்" தான்.

அலகில் மட்டும் ஒரு கண் இருக்கட்டும். ஆய்வகத் தாளில் பொட்டாசியம் மில்லிமோல் கணக்கில் இருக்கும். ஒரு மில்லிமோல் பொட்டாசியம் 39 மில்லிகிராம். சில மருத்துவமனைகள் உணவுத் தாளிலும் மில்லிமோலே போடுவதுண்டு, அப்போது 39-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். ஆனால் இரத்தப் பரிசோதனையில் வரும் 4.8, 5.2 போன்ற எண்ணைச் சாப்பாட்டு எண்ணோடு கூட்டவோ கழிக்கவோ முடியாது. அது ஒரு லிட்டர் இரத்த நீரில் அந்த நேரம் இருக்கும் அளவு, நீங்கள் தின்ற அளவல்ல.

6. வேகவைத்த தண்ணீர் எங்கே போனது?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் உருளைக்கும் பயறுக்கும் கணக்கு முடியாது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

பொட்டாசியம் ஒரு தனிமம். அடுப்புச் சூட்டில் வைட்டமின் மாதிரி அழியாது, நீராவியோடு பறக்கவும் பறக்காது. அது செல்லுக்குள் இருக்கும் சாற்றில் கரைந்து கிடக்கிறது. சூடு பட்டதும் செல்லின் சவ்வு சிதைந்து சாறு வெளியே வருகிறது. அந்தச் சாறு போகும் இடம் வேகவைத்த தண்ணீர். ஆக, தண்ணீர் சட்டியிலேயே இருந்தால் பொட்டாசியமும் சட்டியிலேயே இருக்கிறது. தண்ணீரைக் கீழே கொட்டினால் அதோடு போகிறது.

உருளைக்கிழங்கைத் தோலோடு முழுசாக வேகவைத்தால் நூறு கிராமுக்கு 420 இருந்தது 379 ஆகிறது. தோல் காவல் காக்கிறது, பத்தில் ஒரு பங்குதான் இழப்பு. தோல் சீவி, சிறு சதுரங்களாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டு வடித்தால் ஏறக்குறைய பாதி போய்விடும். துருவி வேகவைத்து வடித்தால் முக்கால் பங்கு போகும். அமெரிக்காவில் 2008-ல் வந்த ஓர் ஆய்வில் இதை அளந்தே காட்டினார்கள். துண்டு சிறுசானால் தண்ணீரைத் தொடும் பரப்பு கூடுகிறது, காரணம் அவ்வளவுதான்.

அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. பச்சைக் கிழங்கை நறுக்கி இரவெல்லாம் குளிர்ந்த தண்ணீரில் போட்டு வைப்பதால் பெரிதாக ஒன்றும் குறையவில்லை. நம் வீடுகளில் இந்த யோசனை இன்னமும் சுற்றிக்கொண்டிருக்கிறது. செல் சவ்வு உடையாமல் சாறு வராது, அதை உடைக்கச் சூடு வேண்டும். ராத்திரி ஊறப்போட்டேன், அதனால் ஒரு கரண்டி சேர்த்துச் சாப்பிட்டேன் என்று சொன்னவர்களுக்கு இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

பயறுக்கும் விதி அதுவே. அட்டவணையில் வெந்த பயறு என்று இருந்தால் பெரும்பாலும் தண்ணீர் வடித்த பயறு. சந்தேகம் இருந்தால் நீங்களே சரிபார்க்கலாம். நூறு கிராம் காய்ந்த ராஜ்மா வெந்தால் ஏறக்குறைய 250 கிராம் ஆகும். 4.05 × 250, ஆயிரத்துச் சொச்சம். காய்ந்ததில் 1,406 இருந்ததே, மிச்சம் எங்கே? வடித்த தண்ணீரில். தட்டைப்பயறுக்கும் இப்படிப் பாருங்கள்: வெந்ததற்கு 278, இரண்டரை மடங்கு எடைக்கு 695. முதலில் இருந்தது 1,112. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீரோடு போயிருக்கிறது.

நாம் அப்படியா சமைக்கிறோம்? தட்டைப்பயறை வேகவைத்த தண்ணீரோடே குழம்பு கூட்டுகிறோம். கொள்ளு வேகவைத்த தண்ணீரை எடுத்துத்தான் ரசமே வைக்கிறோம். அரிசியும் பருப்பும் சேர்த்துப் பொங்கும் சாதத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட வெளியே விடுவதில்லை. ஆகவே நம் குழம்புக்கு "வெந்தது" என்ற எண் ஆகாது. காய்ந்த பயறின் எண்ணையே முழுசாகப் போட்டு, மொத்தக் குழம்பில் உங்கள் பங்கு எவ்வளவு என்று பிரிக்க வேண்டும். கொள்ளு ரசத்தைத் தெளிவாக இறுத்துக் குடிக்கிறேன், பயறு வரவே இல்லை என்று ஒருவர் சமாதானம் சொன்னார். குடித்ததே அந்தத் தண்ணீர்தான்!

7. இளநீருக்கு ஒற்றை எண் போடாதீர்கள்

வாழைப்பழமும் உருளையும் ஓரளவு நிலையாக இருக்கும். இளநீர் அப்படி இல்லை. மரத்தின் ரகம், மண், உரம், காயின் வயது எல்லாம் அதில் தெரியும். அமெரிக்க அட்டவணையிலேயே தேங்காய்த் தண்ணீருக்கு நூறு கிராமுக்கு 250 என்று ஒரு பதிவு, பாக்கெட்டில் விற்பதற்கு 165 என்று இன்னொன்று.

அதனால் நான் நூறு மில்லிக்கு 150 முதல் 250 வரை என்று இரண்டு எண் எழுதி, நடுவில் 200 போடுகிறேன். குறைக்க வேண்டியவர் 250-ஐ எடுங்கள். கூட்ட வேண்டியவர் 150-ஐ எடுங்கள். இனிப்பை வைத்து எடை போடாதீர்கள், இனிப்பு சர்க்கரையால் வருவது.

நூறு கிராம் கணக்கில் பார்த்தால் நான்கில் இளநீர்தான் பின்தங்கி நிற்கும். ஏமாற்றுவது இங்கேதான். வாழைப்பழத்தை யாரும் ஒரே மூச்சில் 400 கிராம் தின்பதில்லை. இளநீரை 400 மில்லி ஒரே மூச்சில் குடிக்கிறோம். நடு எண்ணில் போட்டால்கூட 800 மில்லிகிராம். கதலிப் பழத்தில் அது ஐந்து பழம்.

இதோடு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வயிற்றுப்போக்குக்கு இளநீர் கொடுத்தால் போதும் என்பதும் இந்த எண்களைப் பார்க்காததால் வருவது. உலக சுகாதார நிறுவனத்தின் உப்பு சர்க்கரைக் கரைசலில் லிட்டருக்குச் சோடியம் 75 மில்லிமோல், பொட்டாசியம் 20. இளநீரில் பொட்டாசியம் லிட்டருக்கு 50 மில்லிமோலை ஒட்டி வரும், சோடியமோ கரைசலில் இருப்பதைவிட மிகக் குறைவு. இழந்த உப்பை அது ஈடு செய்யாது. குழந்தைக்குக் கடையில் கிடைக்கும் கரைசல் பொட்டலத்தையே கலக்கிக் கொடுங்கள்.

8. ஒரு நாள் கணக்கு, முழுசாக

மாமனாருக்கு ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குள் இருக்கட்டும் என்று உணவு ஆலோசகர் எழுதிக் கொடுத்திருந்தார். இது அவர் ஒருவரின் பரிசோதனையைப் பார்த்துச் சொன்ன அளவு. வாழைப்பழத்தை நிறுத்திய பிறகு, அவர் சாப்பாட்டை ஒரு செவ்வாய்க்கிழமை முழுக்கத் தராசில் நிறுத்துப் பார்த்தேன்.

காலையில் ஓர் இளநீர். குவளையில் ஊற்றியதில் 420 மில்லி. நடு எண்ணில் 840. அதிக எண்ணில் போட்டால் 1,050.

மதியம் உருளைக்கிழங்குப் பொரியல். ஐந்து பேருக்கு 750 கிராம் கிழங்கு, தோல் சீவியதும் 640 கிராம். எங்கள் வீட்டில் நறுக்கியதை நேராக வாணலியில் போட்டு, தண்ணீர் தெளித்து மூடி வைத்து வேகவிடுவோம். வடிப்பது கிடையாது. ஆகவே 4.2 × 640, வாணலி முழுக்க 2,690. இறக்கும்போது பொரியல் 610 கிராம், அவர் தட்டில் 105 கிராம். 105-ஐ 610-ஆல் வகுத்து 2,690-ஆல் பெருக்கினால் 463.

இந்தப் பங்கு பிரிக்கும் முறையைக் கவனித்துக்கொள்ளுங்கள். சமைத்த பிறகு தண்ணீர் வற்றி எடை குறைந்தாலும் பொட்டாசியம் குறையவில்லை. அதனால் பச்சையில் மொத்தத்தைக் கணக்கிட்டு, வெந்ததில் பங்கைப் பிரிக்கிறோம். தட்டில் இருந்த 105 கிராமை நேராக 4.2-ஆல் பெருக்கியிருந்தால் 441 வந்திருக்கும். பொரியலில் வித்தியாசம் சின்னது. நன்றாக மொறுமொறுவென்று வறுத்த வறுவலில் இதே தவறு பாதிக்குப் பாதி போய் நிற்கும்.

கூடவே தட்டைப்பயறுக் குழம்பு. காய்ந்த பயறு 150 கிராம், 11.12 × 150, மொத்தம் 1,668. குழம்பு 1,500 கிராம் வந்தது, அவர் ஊற்றிக்கொண்டது 160 கிராம். பங்கு 178. தக்காளி, புளி, வெங்காயம் எல்லாம் இதில் சேரவில்லை, அவற்றிலும் உண்டு. நான்கை மட்டும் ஒப்பிடுவதால் விட்டுவிட்டேன்.

இளநீரை நடு எண்ணில் வைத்துக் கூட்டினாலே 840, 463, 178. ஏறக்குறைய 1,480. சோறு, பால், தயிர், ரசம் எதுவும் எழுதாமலே 2,000-த்தில் முக்கால் பங்கு போய்விட்டது. அதில் பாதிக்கு மேல் அந்தத் தண்ணீர். அவர் தியாகம் செய்த இரண்டு கதலிப் பழமோ, சதை 88 கிராம், 315 மில்லிகிராம்.

நோட்டை அவரிடம் காட்டினேன். "எளநி இத்தனையாம்மிணி?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. தோப்பு வைத்திருப்பவருக்கு அது லேசான செய்தியல்ல.

நோட்டை எடுத்துக்கொண்டு ஆலோசகரிடம் போனோம். இளநீரை அவர் முழுசாக நிறுத்தச் சொன்னார். உருளையைச் சிறு சதுரமாக நறுக்கி, கொதிக்கவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தாளிக்கிறோம். பாதி போனதாக வைத்தால் 230. தட்டைப்பயறைத் தனியாக வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு, புதுத் தண்ணீரில் குழம்பு கூட்டுகிறோம். மூன்றில் ஒன்று போனதாக வைத்தால் 120. ஒரு கதலி திரும்ப வந்தது, 158. நான்கும் சேர்ந்து 510-க்குள்.

குழம்பின் ருசி கொஞ்சம் போனது உண்மைதான். மற்றவர்களுக்குத் தனியாகப் பழைய மாதிரியே வைக்கிறேன். வீட்டில் எல்லோருக்கும் வடித்த பயறைக் கொடுப்பதில் அர்த்தமில்லை, அவர்களுக்கு அந்தப் பொட்டாசியம் வேண்டியதே.

9. கூட்ட வேண்டியவர் இதே நோட்டை எப்படிப் படிப்பது?

என் கணவருக்கு இரத்த அழுத்தம் லேசாக ஏறுகிறது, சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, மருத்துவரும் பொட்டாசியம் சேர்க்கச் சொல்லிவிட்டார். அவருக்கு மேலே உள்ளதை அப்படியே திருப்பிப் போட்டேன். உருளையைத் தோலோடு வேகவைத்து உரிப்பது, பயறுத் தண்ணீரைக் கொட்டாமல் விடுவது, நேந்திரத்தைத் துண்டு போட்டு ஆவியில் வேகவைப்பது. ஆவியில் பொருள் தண்ணீரில் மூழ்காததால் இழப்பு குறைவு.

சர்க்கரை நோயும் இருப்பவர் இன்னொரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்: ஒரே அளவு கலோரிக்கு எவ்வளவு பொட்டாசியம் என்பது. அதில் வாழைப்பழமும் வெந்த உருளையும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும், ராஜ்மா சற்றுக் கீழே, இளநீர் மூன்று மடங்கு மேலே. பயறுக்கு அங்கே மதிப்பெண் குறைந்தாலும், அதோடு வரும் புரதமும் நாரும் மற்ற மூன்றிலும் அந்த அளவுக்குக் கிடையாது. அதனால் இந்த ஒரு கணக்கை மட்டும் வைத்துப் பயறைத் தள்ளிவிட மாட்டேன்.

10. கணக்கு கெட்டுவிட்டது என்று எப்படித் தெரியும்?

மூன்று நாள் நிறுத்தால் போதும், தினமும் தராசோடு உட்கார வேண்டியதில்லை. ஆனால் சமையல் முறை மாறினால் அந்தப் பதார்த்தத்தை மட்டும் மறுபடி நிறுங்கள். குக்கருக்கு மாறினீர்கள், வேறு ரகப் பழம் வாங்கினீர்கள், காய் பெரிதாக வர ஆரம்பித்தது, இப்படி.

கணக்கில் வராமல் உள்ளே நுழைவது ஒன்று உண்டு. இரத்த அழுத்தக்காரருக்கென்று விற்கும் சோடியம் குறைந்த உப்பு. அதில் சோடியத்துக்குப் பதிலாகப் போடுவது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. அந்தக் குளோரைடின் எடையில் பாதிக்கு மேல் பொட்டாசியம், ஒரு கிராமுக்கு 520 மில்லிகிராம். உருளையை வடித்துக் கஷ்டப்பட்டுக் குறைத்ததை அந்த உப்பு சத்தமில்லாமல் திருப்பிக் கொடுத்துவிடும். சிறுநீரகம் தளர்ந்தவர் வீட்டில் அந்தப் பாக்கெட்டை வாங்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள்.

பொட்டாசியம் ஏறியதை உடம்பு முன்கூட்டியே சொல்லும் என்று காத்திருக்கக் கூடாது. பல பேருக்கு ஓர் அறிகுறியும் தெரியாது, இரத்தப் பரிசோதனைதான் சொல்லும். பொதுவாக 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இயல்பு என்பார்கள். திடீரென்று அதிகமாக வந்தால் மருத்துவரிடம் அன்றைக்கே காட்டுங்கள். மாதிரி எடுக்கும்போது இரத்த அணுக்கள் உடைந்தாலும் எண் ஏறித் தெரியும் என்பதால் சில சமயம் மறுபடி எடுக்கச் சொல்வார்கள். அதை அவர்கள் முடிவு செய்யட்டும்.

மாமனாருக்கு அடுத்த பரிசோதனை வந்தபோது நோட்டையும் கூடவே கொண்டுபோனோம். மாத்திரைச் சீட்டுக்குப் பக்கத்தில் அதை வைத்துக்கொண்டு, பழம் ஒன்றாகவே இருக்கட்டும், பயறை வாரம் இரண்டு நாள் போடலாம் என்று சொன்னார்கள். தோப்பில் இப்போது இளநீர் வெட்டுவதை அவர் மேற்பார்வை மட்டும் பார்க்கிறார்.